ஆறு தட்டு, இரண்டு அடி

கனடாவின் ஹாமில்டன் நகரில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஜெசிகா பிலிப்ஸ்-சில்வர், லாரல் டிரெய்னர் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் ஏழு மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2005ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. சோதனைக்காக அவர்கள் ஒரு தாளத் துணுக்கு தயாரித்தார்கள். அதில் ஆறு இடங்கள். சில இடங்களில் ஒலி உண்டு, சில இடங்கள் வெறுமை. எந்த ஒலிக்கும் தனி அழுத்தம் இல்லை. எல்லாம் ஒரே வலுவில் ஒலித்து, ஆறு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அழுத்தம் இல்லாததால் அந்தத் துணுக்கை எப்படி வேண்டுமானாலும் கேட்கலாம். இரண்டிரண்டாக மூன்று கூட்டம் என்றும் கேட்கலாம், மும்மூன்றாக இரண்டு கூட்டம் என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் இடம் கொடுக்கும்படி திட்டமிட்டே அதை அமைத்திருந்தார்கள்.

ஒருவர் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பார். தாளம் ஒலிக்க ஒலிக்க, முழங்காலை மடக்கி நிமிர்ந்து குழந்தையை மேலும் கீழுமாக ஆட்டுவார். பாதிக் குழந்தைகளை ஒவ்வொரு இரண்டாவது இடத்திலும், மீதிப் பாதியை ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் ஆட்டினார்கள். இரண்டே நிமிடம்தான். பிறகு குழந்தைகளுக்கு அதே தாளத்தை இரண்டு விதமாகப் போட்டுக் காட்டினார்கள். இப்போது அழுத்தம் சேர்க்கப்பட்டிருந்தது. ஒன்றில் இரண்டுக்கு ஒரு முறை, இன்னொன்றில் மூன்றுக்கு ஒரு முறை. ஏழு மாதக் குழந்தையிடம் எது பிடித்தது என்று கேட்க முடியாது. ஆனால் ஒலி வரும் பக்கம் தலையைத் திருப்பி எவ்வளவு நேரம் கவனிக்கிறது என்று அளக்க முடியும். இரண்டு இரண்டாக ஆடிய குழந்தைகள் இரண்டு இரண்டாக அழுத்தப்பட்ட ஒலியை அதிக நேரம் கேட்டன. மும்மூன்றாக ஆடியவை மும்மூன்றை அதிக நேரம் கேட்டன.

கண்ணைக் கட்டிவிட்டு ஆட்டியபோதும் அதே முடிவு வந்தது. ஆட்டாமல், இன்னொருவர் ஆடுவதை வெறுமனே பார்க்க வைத்தபோது அந்த வேறுபாடு வரவில்லை. ஆக, அந்தக் குழந்தைகள் ஆறு ஒலிகளை எப்படிக் கூட்ட வேண்டும் என்பதைத் தங்கள் உடம்பின் அசைவிலிருந்து கற்றுக்கொண்டன. அவை கேட்டது ஒரே ஒலி, ஆடியது வேறு வேறு விதம். ஆட்டத்துக்குத் தக்கபடியே தாளம் மனதில் பதிந்தது.

தாலாட்டுக்கும், அயர்லாந்துக்காரர்கள் ஆடும் ஜிக் நடனத்துக்கும் பொதுவான ‘சிக்ஸ் எய்ட்’ என்னும் தாள அளவைப் புரிந்துகொள்ள இந்தச் சோதனையைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அந்தத் தாளத்தின் அடிப்படைக் கேள்வியே இதுதான்: ஆறு இருக்கிறது, அதை யார் எப்படிக் கூட்டுகிறார்கள்?

மேற்கத்திய இசைக் குறிப்பில் 6/8 என்று எழுதினால், ஒரு சுற்றில் க்வேவர் எனப்படும் சிறு ஸ்வர அளவு ஆறு வரும் என்று பொருள். அந்த ஆறையும் இந்த அத்தியாயத்தில் தட்டு என்று சொல்கிறேன். கணக்கு நோட்டில் 6/8ஐச் சுருக்கினால் 3/4 ஆகும். இசையில் சுருக்க முடியாது. 3/4 சுற்றிலும் ஆறு தட்டுகளுக்கான நேரம்தான் இருக்கிறது. ஆனால் அங்கே கூட்டம் தக தக தக. 6/8இல் தகிட தகிட. முதலாவதில் கால் மூன்று முறை தரையைத் தொடும், இரண்டாவதில் இரண்டு முறை. அப்படிக் கால் தொடும் இடத்தை அடி என்று வைத்துக்கொள்வோம். 6/8 என்பது ஆறு தட்டு, இரண்டு அடி. நம்மூரில் திஸ்ர நடை பழகியவர்களுக்கு இது கைவந்த விஷயம். கையில் தாளம் ஒன்று, உள்ளே ஓடும் சொற்கட்டு மூன்று.

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே வேகத்தில், ஒரே வலுவில் ஆறு ஆறாக மேசையில் தட்டிக்கொண்டே இருங்கள். வாய்க்குள் தகிட தகிட என்று சொன்னால் ஒரு தாளம் கேட்கும். கையை மாற்றாமல் தக தக தக என்று சொன்னால் வேறு தாளம் கேட்கும். லெனார்ட் பெர்ன்ஸ்டைன் 1957இல் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ இசை நாடகத்துக்காக அமைத்த ‘அமெரிக்கா’ என்ற பாட்டு முழுக்க இந்த மாற்றத்தின் மேல்தான் நிற்கிறது. ஒரு சுற்று தகிட தகிட, அடுத்த சுற்று தக தக தக, தட்டின் வேகம் மட்டும் மாறுவதே இல்லை.

அழுத்தமே இல்லாத ஒலியில் மனம் தானாகக் கூட்டம் சேர்ப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே கவனிக்கப்பட்ட விஷயம். தாடியஸ் போல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1894இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். முற்றிலும் ஒரே மாதிரியான ‘டிக்’ ஒலிகளைச் சீரான இடைவெளியில் கேட்டவர்கள், அவை இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நான்கு நான்காக வருவதாகச் சொன்னார்கள். அதற்கு நூறு ஆண்டுக்கும் பிறகு, பெல்ஜியத்தில் சில்வி நோசரதான் குழுவினர் மூளையின் மின்னலைகளிலேயே அந்தக் கூட்டத்தைப் பிடித்தார்கள். 2011இல் வெளிவந்த ஆய்வு அது. நொடிக்கு 2.4 முறை துடிக்கும் ஒலி ஒன்றைப் பங்கேற்றவர்கள் கேட்டார்கள். முதலில் சும்மா கேட்டார்கள். பிறகு அதை இரண்டு இரண்டாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள், பிறகு மூன்று மூன்றாக. தலையில் பொருத்திய மின்முனைகள் எப்போதும் 2.4இல் ஒரு துடிப்பைக் காட்டின. இரண்டாகக் கற்பனை செய்தபோது கூடவே 1.2இல் ஒரு துடிப்பு எழுந்தது. மூன்றாகக் கற்பனை செய்தபோது 0.8இல் எழுந்தது. 2.4ஐ மூன்றால் வகுத்தால் 0.8. ஒலியில் அந்த 0.8 இல்லை. கேட்டவர் மனம் உண்டாக்கிய துடிப்பு அது.

ஆக, 6/8 என்பது தாளில் இருக்கும் எண் மட்டும் இல்லை. யாரோ ஒருவர் உடம்பிலோ மனதிலோ மூன்றுக்கு ஒரு முறை அடி வைத்தாக வேண்டும். அடி எங்கே விழ முடியும் என்பதற்கு உடம்புக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புதான் ஜிக்கையும் தாலாட்டையும் பிரிக்கிறது. இரண்டிலும் கூட்டம் ஒன்றே, வேகம் வேறு. அந்த வேகத்தால் எது மாறுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஜிக். அயர்லாந்தின் மரபிசையில் ஜிக் பல வகை. ஸ்லிப் ஜிக் என்பது 9/8, அதாவது ஒரு சுற்றுக்கு மூன்று தகிட. ஸ்லைடு என்பது பெரும்பாலும் 12/8 என்று எழுதப்படும். நான் இங்கே எடுத்துக்கொள்வது டபுள் ஜிக். ‘கெஷ் ஜிக்’, ‘மாரிசன்ஸ் ஜிக்’ போன்ற மெட்டுகள் இந்த வகை. ஆறு தட்டிலும் அநேகமாக ஒவ்வொரு ஸ்வரம் ஓடிக்கொண்டே இருக்கும். வாசிக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் ‘ராஷர்ஸ் அண்ட் சாசேஜஸ்’ என்று சொல்லச் சொல்வார்கள். பன்றி இறைச்சித் துண்டும் சாசேஜும், அந்த ஊர்க் காலைச் சாப்பாடு. அசைக்கு ஒரு தட்டு வைத்தால் மூன்றும் மூன்றும் சரியாக வரும்.

நிமிடத்துக்கு 116 அடி என்பது ஆட்டத்துக்கு ஏற்ற வேகம். கணக்கிட்டுப் பார்ப்போம். 60 நொடியை 116ஆல் வகுத்தால் ஓர் அடிக்கு 0.52 நொடி. அதை மூன்றால் வகுத்தால் ஒரு தட்டுக்கு 0.17 நொடி. நொடிக்கு ஏறக்குறைய ஆறு தட்டு. ஒற்றை விரலால் அந்த வேகத்தில் மேசையைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அது தங்களால் முடிந்த உச்ச வேகத்தை ஒட்டியிருக்கும், சில நொடியில் விரல் சோர்ந்துவிடும். எனவே ஜிக்கில் தட்டுகளை யாரும் எண்ணுவதில்லை, எண்ணவும் முடியாது. காதுக்கு அவை தனித்தனியாகத் தெரிகின்றன. ஆனால் உடம்பு அவற்றின் மேல் நிற்க முடியாமல் அடியின் மேல் போய் நிற்கிறது.

அந்த அடி 0.52 நொடி என்பது தற்செயலாகக் கிடைத்த நல்ல எண் இல்லை. பிரெஞ்சு உளவியலாளர் பால் ஃபிரெய்ஸ், மனிதர்கள் தங்கள் இஷ்டத்துக்குத் தட்டும்போது விரும்பும் இடைவெளி 0.6 நொடியை ஒட்டி இருப்பதாகச் சொன்னார். சுறுசுறுப்பாக நடக்கும்போது ஒரு காலடிக்கும் அடுத்ததற்கும் இடையே அரை நொடி ஆகும். ஜிக்கின் அடி நடையின் அடிதான். இன்னொன்றையும் கவனியுங்கள். நமக்குக் கால் இரண்டு. 6/8இல் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. இடது ஒன்று, வலது ஒன்று, சுற்று முடிந்தது. வால்ட்ஸ் போன்ற 3/4 ஆட்டத்தில் ஒரு சுற்று இடது காலில் தொடங்கினால் அடுத்தது வலது காலில் தொடங்கும். ஜிக்கில் ஒவ்வொரு சுற்றும் அதே காலில் தொடங்கலாம். வெளியே இரண்டு இருப்பதால் அது நடைக்குப் பொருந்துகிறது. உள்ளே மூன்று இருப்பதால் அது வெறும் நடையாக, அணிவகுப்பாக ஆகிவிடாமல் துள்ளுகிறது.

துள்ளல் எங்கிருந்து வருகிறது? இரண்டாகப் பிரிந்த அடியில், பாதி வழியில் ஒரு தட்டு விழும். கால் மேலே போய்த் திரும்பும் இடம் அது. மூன்றாகப் பிரிந்த அடியில் பாதி வழியில் எதுவும் இல்லை. கடைசித் தட்டு மூன்றில் இரண்டு பங்கு கடந்த பிறகு, அடுத்த அடிக்கு நெருக்கமாக வந்து அதன் மேல் சாய்கிறது. துள்ளுபவர் உயரே போய் இறங்குவதற்கு முன் எடுக்கும் உந்துதலுக்கு அந்த மூன்றாவது தட்டு சரியான இடம். நல்ல ஜிக் வாசிப்பில் மூன்று தட்டும் கடிகாரம்போல் சமமாகவும் இருப்பதில்லை. முதலாவது ஒரு முடி நீளம், நடுவில் இருப்பது ஒரு முடி குறுகல். ஊருக்கு ஊர், வாசிப்பவருக்கு வாசிப்பவர் இது மாறும். மிகைப்படுத்தினால் கெட்டுவிடும். முதல் தட்டை அதிகமாக நீட்டினால் நடுத்தட்டு மூன்றாவதோடு ஒட்டிக்கொண்டு, மூன்று என்பதே மறைந்து குதிரைக் குளம்படிபோல் நொண்டத் தொடங்கும்.

ஜிக் கற்பவர்களிடம் நேரும் இன்னொரு தவறு கையிலிருந்து வருகிறது. இந்த அத்தியாயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பாஞ்சோவோ மாண்டலினோ வாசிப்பவர் தந்தியைக் கீழ்நோக்கி ஒரு மீட்டு, மேல்நோக்கி ஒரு மீட்டு என்று மாறி மாறி மீட்டுவார். மீட்டு வாத்தியங்களில் பெரும்பாலும் முதலில் கற்றுத்தருவது இதுதான். இப்போது ஆறு தட்டுகளுக்கு அதைப் போட்டுப் பாருங்கள்: கீழ், மேல், கீழ், மேல், கீழ், மேல். கீழ்மீட்டு இயல்பாகவே கனமானது, கையின் எடையும் சேர்ந்து இறங்குகிறது. அந்தக் கனம் எங்கே விழுகிறது? ஒன்று, மூன்று, ஐந்து. அதாவது தக தக தக. வாசிப்பவர் மனதில் ஜிக் ஓடுகிறது, கை 3/4 வாசிக்கிறது. இரண்டாவது அடியான நான்காம் தட்டு, மெலிந்த மேல்மீட்டில் மாட்டிக்கொள்கிறது. ஆட்டக்காரர் கால் வைக்கும் இடத்தில் ஆதரவு இருக்காது.

அதனால்தான் ஜிக் வாசிப்பவர்கள் பலர் மீட்டு முறையையே மாற்றிக்கொள்கிறார்கள்: கீழ் மேல் கீழ், கீழ் மேல் கீழ். மூன்றாவது தட்டும் அடுத்த அடியும் தொடர்ந்து இரண்டு கீழ்மீட்டுகள். நொடிக்கு ஆறு தட்டு ஓடும் வேகத்தில் கையை வெறுமையாக மேலே கொண்டுபோய் மறுபடி கீழே இறக்குவது எளிதல்ல, பழகப் பல மாதம் ஆகும். ஆனால் பலன் உடனே காதில் தெரியும். இரண்டு அடிக்கும் ஒரே கனம் கிடைக்கிறது. ஃபிடிலில் இதே சிக்கல் வில்லில் வருகிறது. தட்டுக்கு ஒரு வில் என்று போனால் முதல் அடி இழுவில்லிலும் இரண்டாவது அடி தள்ளுவில்லிலும் விழும். அங்கே தீர்வு வேறு. ஒரே வில்லில் இரண்டு மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து இழுத்து, அழுத்தம் எங்கே விழவேண்டுமோ அங்கே வில்லைத் திருப்புகிறார்கள். ஹாமில்டன் குழந்தைகளின் உடம்பை இன்னொருவர் ஆட்டினார். இங்கே வாசிப்பவர் தன் கையைத் தானே ஆட்டி, அந்தக் கூட்டத்தைக் கேட்பவருக்குக் கடத்துகிறார்.

கணினியில் ஜிக்கைப் பதிவு செய்பவர்களுக்கு வேறொரு பள்ளம் காத்திருக்கிறது. பல மென்பொருள்களில் வேகம் என்று கேட்கும் எண், நான்கில் ஒரு பங்கான க்ராட்செட்டின் வேகம். அது இரண்டு தட்டுக்குச் சமம். ஜிக்கின் அடி மூன்று தட்டுக்குச் சமம். 116 என்று அப்படியே எழுதினால் ஜிக் நிமிடத்துக்கு 77 அடியாகத் தவழும். வேண்டிய எண் 116ஐ ஒன்றரையால் பெருக்கினால் வரும் 174.

ஒரு ஜிக் மெட்டுக்குப் பெரும்பாலும் எட்டு எட்டுச் சுற்றாக இரண்டு பகுதி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசிப்பார்கள். மொத்தம் 32 சுற்று, 64 அடி, 192 தட்டு. 116 வேகத்தில் இதற்கு 33 நொடி ஆகும். இந்த 64 அடிதான் ஆட்டக்காரருக்குக் கணக்கு. 192 அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

இப்போது அதே மெட்டை எடுத்துக்கொண்டு, ஒரு ஸ்வரத்தையும் மாற்றாமல், வேகத்தை மட்டும் மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள். மென்மையாகப் பாடுங்கள். ஜிக் மறைந்துவிடும். தூங்க வைக்கும் பாட்டு ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். பல ஜிக் மெட்டுகளில் இதைச் செய்து பார்க்கலாம், அநேகமாக எல்லாம் இணங்கும்.

ஏன் என்று பார்க்க, நம் வீட்டுத் தூளியைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒப்பிட்டுச் சொல்வதற்காக அல்ல, அளக்க எளிது என்பதால். உத்தரத்தில் கட்டிய சேலைத் தூளி ஓர் ஊசல். முடிச்சிலிருந்து குழந்தையின் எடை நிற்கும் இடம் வரை 2 மீட்டர் என்று கொள்வோம். சிறிய வீச்சில் ஆடும் ஊசல் ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நேரத்துக்குப் பள்ளிப் புத்தகச் சூத்திரம் இருக்கிறது:

T = 2π √(L/g)

Lக்கு 2 மீட்டரும் gக்கு 9.8உம் போட்டால் T 2.84 நொடி வரும். குழந்தை மூன்று கிலோவா எட்டு கிலோவா என்பதற்கு இதில் இடமில்லை. கயிற்றின் நீளம் மட்டுமே பேசும். ஆட்டுபவருக்கும் இதில் அதிக அதிகாரம் இல்லை. தூளி தனக்கென்று ஒரு வேகம் வைத்திருக்கிறது. அவர் அது திரும்பும் இடத்தில் ஒரு சின்ன உந்து கொடுத்து அதோடு ஒத்துப்போகிறார். அவசரப்பட்டு நடுவில் உந்தினால் தூளி கோணலாகத் திமிறும்.

2.84 நொடியில் இரண்டு பாதி. போவதற்கு 1.42, வருவதற்கு 1.42. இங்கே 6/8 வந்து பொருந்துகிறது. ஒரு சுற்று என்பது ஒரு முழு ஆட்டம். முதல் அடி தூளி ஒரு பக்கம் திரும்பும் இடம், இரண்டாவது அடி மறுபக்கம் திரும்பும் இடம். நிமிடத்துக்கு 42 அடி. இடையில் மூன்று தட்டு, ஒவ்வொன்றும் 0.47 நொடி.

இந்த 0.47ஐ ஜிக்கின் எண்களோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். ஜிக்கில் அரை நொடியை ஒட்டி நின்றது அடி. தாலாட்டில் அரை நொடியை ஒட்டி நிற்பது தட்டு. உடம்புக்கு வசதியான அந்த இடைவெளி நகரவே இல்லை, தாளம்தான் அதன் கீழே ஒரு படி நகர்ந்திருக்கிறது. ஜிக்கில் காலால் தொடக்கூடியது அடி, தட்டுகள் கைக்கு எட்டாத வேகத்தில் உள்ளே ஓடின. தாலாட்டில் குழந்தையின் முதுகில் தட்டிக் கொடுக்கும் கைக்கு எட்டுவது தட்டு. அடி அதற்கு மேலே, மெதுவாக, ஊசலாக அசைகிறது. ஃபிரெய்ஸ் கணக்குப்படி, இரண்டு ஒலிகளுக்கு இடையே 1.8 நொடிக்கு மேல் போனால் அவை ஒன்றோடொன்று கோத்த தாளமாகக் கேட்பது நின்று, தனித்தனி நிகழ்ச்சிகளாக உதிர்ந்துவிடும். 1.42 அந்த எல்லைக்கு உள்ளே, ஆனால் அருகே இருக்கிறது. அதனால் அடி இன்னும் அடியாகத்தான் கேட்கிறது. ஆனால் அதற்குக் கால் எழாது. எழுந்து நட என்று எந்தத் தசைக்கும் அது சொல்வதில்லை.

ஃபிரடெரிக் சோப்பன் 1844இல் பியானோவுக்காக எழுதிய ‘பெர்சூஸ்’ இதை ஒலியாகவே செய்து காட்டுகிறது. பெர்சூஸ் என்றாலே தாலாட்டு வகை. 6/8 அளவு. இடது கை ஒரே ஒரு சுற்றை எடுத்துக்கொண்டு, முடிவை நெருங்கும் வரை ஏறக்குறைய மாற்றமே இல்லாமல் அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறது. சுற்றின் முதல் பாதியில் ராகத்தின் ஆதார ஸ்வரத்தின் மேல் கட்டிய இணக்கம், இரண்டாவது பாதியில் பஞ்சமத்தைச் சார்ந்த இணக்கம். அதாவது போவதும் வருவதும். அதன் மேல் வலது கை என்னென்னவோ நுட்பமான நகைவேலை செய்கிறது. ஆனால் ஆட்டும் கை நிற்பதில்லை. கேட்காதவர்கள் ஒருமுறை இடது கையை மட்டும் கவனித்துக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு மெதுவான வேகத்தில் ஒரு சங்கடமும் உண்டு. ஜிக்கில் தகிட தகிடவையும் தக தக தகவையும் குழப்பிக்கொண்டால் உடனே தெரிந்துவிடும், ஆடுபவர் தடுமாறுவார். தாலாட்டு வேகத்தில் வேறு வகைக் குழப்பம் வரும். ஒரு 6/8 சுற்றைக் காது இரண்டு 3/4 சுற்றாகக் கேட்கத் தொடங்கிவிடும். தட்டே அடியாகிவிட்டதால் மூன்று மூன்றாக எண்ணுவது எளிது. பிராம்ஸ் 1868இல் எழுதிய புகழ்பெற்ற தாலாட்டு 3/4 அளவில்தான் இருக்கிறது. ஆனாலும் அதற்குத் தொட்டிலை ஆட்டுவதில் யாருக்கும் சிரமம் இல்லை, ஒரு சுற்று போக, ஒரு சுற்று வர. 6/8க்கும் அதற்கும் அந்த வேகத்தில் மிச்சமிருக்கும் வேறுபாடு ஒன்றுதான்: இரண்டாவது மூன்று முதல் மூன்றைவிட மெலிந்ததா, அல்லது அதே வலுவா? மெலிந்து, முதலாவதற்குப் பதில் சொல்வதுபோல் வந்தால் அது 6/8. இரண்டும் சமமாக, தனித்தனியாக நின்றால் 3/4. எழுதியவர் போட்ட குறியைப் பார்க்காமல் இதை அடித்துச் சொல்ல முடியாத பாட்டுகளும் இருக்கின்றன.

ஆறு-எட்டுத் தாளத்துக்கே தூக்கம் வரவைக்கும் சக்தி இருப்பதாகச் சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. நான்கு நான்காக எண்ணும் தாலாட்டுகள் உலகெங்கும் இருக்கின்றன. நம்மூர்த் தாலாட்டுகளில் பல, எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாமல் மூச்சு உள்ளவரை நீண்டு ஓடுபவை. தூக்கத்துக்கு உதவுவதாகச் சோதனையில் தெரிந்தது தாளம் அல்ல, அசைவு. ஜெனீவாவில் லாரன்ஸ் பேயர், சோஃபி ஷ்வார்ட்ஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மெல்ல ஆடும் கட்டிலில் பகலில் படுத்த பெரியவர்கள், ஆடாத கட்டிலில் படுத்ததைவிட விரைவாகத் தூங்கினார்கள். 2019இல் இரவு முழுக்க ஆட்டிப் பார்த்தபோதும் ஆழ்ந்த தூக்கம் கூடியது. கட்டில் ஒருமுறை போய்த் திரும்ப 4 நொடி எடுத்தது. அந்த வேகத்தில் தூளி ஆட வேண்டுமானால் கயிறு 4 மீட்டர் இருக்க வேண்டும்.

அதே 2019இல் சுவிட்சர்லாந்திலேயே எலிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று காரணத்தை நெருங்கியது. நம் உட்செவியில் மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. தலை முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ நகரும்போது அவை பின்தங்கி, கீழே உள்ள மயிர்செல்களை வளைக்கின்றன. தலை நகர்கிறது என்று மூளைக்குத் தெரிவது அப்படித்தான். இந்த உறுப்பு வேலை செய்யாத எலிகளுக்கு ஆட்டுவதால் எந்தப் பயனும் கிடைக்கவில்லை.

ஹாமில்டன் ஆய்வாளர்களும் இதே உறுப்பு இருக்கும் இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். பிறகு பெரியவர்களை வைத்துச் செய்த சோதனைகளில், படுத்திருப்பவரின் தலையை ஆட்டினால் போதும், தாளத்தின் கூட்டம் அதற்கேற்ப மாறிக் கேட்டது. காலை மட்டும் ஆட்டினால் மாறவில்லை. 2009இல், யாரையும் அசைக்காமல், காதுக்குப் பின்னால் மெல்லிய மின்சாரம் செலுத்தி அந்த உறுப்பின் நரம்பை மட்டும் தூண்டியபோதும் மாறியது. உண்மையில் அசைவே இல்லை, ஆனால் மூன்றுக்கு ஒரு முறை அசைந்ததாக உட்செவி சொன்னது, காது மும்மூன்றாகக் கேட்டது. ஒலி கேட்கும் உறுப்பும் சமநிலை காக்கும் உறுப்பும் ஒரே எலும்புக் கூட்டுக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன என்பது உடற்கூற்றியல் படித்தவர்களுக்குப் பழைய செய்தி. தாளத்தில் அவை சேர்ந்து வேலை செய்கின்றன என்பது இந்தச் சோதனைகள் தந்த புதிய செய்தி.

இசை கற்றுக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்க எனக்கு இது இடம் தருகிறது. 6/8 பாடத்தைத் தொடங்கும்போது மாணவரை உட்கார வைத்து ஒன்று முதல் ஆறு வரை எண்ண வைக்காதீர்கள். எண்ணுகிற வாய் ஆறையும் சமமாகவே சொல்லும். ஜிக் என்றால் அடிக்கு ஒரு காலாக அறையைச் சுற்றி நடக்க விடுங்கள், தலையும் கூடவே ஏறி இறங்கட்டும். தாலாட்டு என்றால் நின்ற இடத்திலேயே பக்கத்துக்குப் பக்கம் சாயச் சொல்லுங்கள். வாத்தியத்தைக் கையில் கொடுப்பது அதற்குப் பிறகு.